டைம்ஷீட்டுக்கு ஒப்புதல் தரும் மேற்பார்வையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேற்பார்வையாளர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

சம்பளப் பட்டியல் போடும் பிரிவிலிருந்து எழுதுகிறோம். ஒப்புதல் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு திரையில் எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். பெரும்பாலானவர்கள் வாரத்தின் மொத்த மணி நேரத்தைப் பார்க்கிறார்கள். அதோடு சிவப்பில் ஏதாவது எச்சரிக்கை இருந்தால் அதைச் சரிசெய்கிறார்கள். அந்த இரண்டும் போதாது. பல நேரம் அவை உங்களைத் தவறான இடத்துக்கே கூட்டிப்போகும். நீங்கள் பார்க்க வேண்டியது பஞ்ச்களை. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு பஞ்ச்சுக்கும் அடுத்த பஞ்ச்சுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை.

விட்டுப்போன பஞ்ச், இரட்டைப் பதிவு, நடக்கவே முடியாத மணிக்கணக்கு என்று மூன்று தவறுகளை நாம் தனித்தனியாகப் பேசுகிறோம். நடைமுறையில் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வாசலில் இருக்கும் வருகைப் பதிவுக் கருவிகளில் பலவற்றுக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் தெரியாது. ஊழியர் எண், தேதி, நேரம் இவை மட்டுமே பதிவாகும். முதல் பஞ்ச் ‘இன்’, அடுத்தது ‘அவுட்’, அதற்கடுத்தது மீண்டும் ‘இன்’ என்று வரிசையாக ஜோடி சேர்ப்பது மென்பொருள். நடுவில் ஒரு பஞ்ச் காணாமல்போனாலோ கூடுதலாக ஒன்று விழுந்தாலோ, அதற்குப் பின்னால் வரும் ஜோடிகள் எல்லாம் தலைகீழாகிவிடும். உழைத்த நேரம் ஓய்வாகும், ஓய்வெடுத்த நேரம் உழைப்பாகும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். இரவு 22:00 முதல் காலை 06:00 வரை ஷிஃப்ட். திங்கள் இரவு தொடங்கி சனி காலை வரை ஐந்து இரவுகள். உணவு இடைவேளைப் பிடித்தத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கருவியிலிருந்து வந்த பதிவு இது. வலப்பக்கம் இருப்பது முந்தைய பஞ்ச்சிலிருந்து எத்தனை மணி நேரம் கழிந்தது என்ற கணக்கு.

```
திங்கள்    21:56
செவ்வாய்   06:04     8.13
செவ்வாய்   21:58    15.90
புதன்      06:03     8.08
புதன்      21:57    15.90
வியாழன்    21:55    23.97
வெள்ளி     06:02     8.12
வெள்ளி     21:59    15.95
சனி        06:05     8.10
```

வியாழன் காலை வெளியே போகும்போது பஞ்ச் விழவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆனால் வரிசையாக ஜோடி சேர்க்கும் மென்பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டு இரவுகளும் சரி: 8 மணி 8 நிமிடம், 8 மணி 5 நிமிடம். மூன்றாவது ஜோடி புதன் 21:57 முதல் வியாழன் 21:55 வரை, 23 மணி 58 நிமிடம். நான்காவது ஜோடி வெள்ளி 06:02 முதல் வெள்ளி 21:59 வரை, 15 மணி 57 நிமிடம். அவர் வீட்டில் தூங்கிய பகல் அது. கடைசியில் சனி 06:05 தனியாக நிற்கிறது. அதன் மேல் ‘அவுட் பஞ்ச் இல்லை’ என்ற எச்சரிக்கை விழுகிறது. மொத்தம் 56 மணி 8 நிமிடம்.

இங்கேதான் வழக்கமான தவறு நடக்கிறது. எச்சரிக்கை சனிக்கிழமையில் இருப்பதால் சனிக்கிழமையைச் சரிசெய்கிறார்கள். 06:05-க்கு வந்தார், எட்டு மணி நேர ஷிஃப்ட், ஆகவே 14:05 என்று ஓர் அவுட் பஞ்ச்சைப் போட்டுவிட்டால் எச்சரிக்கை மறைந்துவிடும். மொத்தம் 64 மணி 8 நிமிடமாக ஏறும். பச்சை நிறத்தோடு எங்களிடம் வந்து சேரும். சனிக்கிழமையில் தவறே இல்லை என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். மென்பொருள் எச்சரிக்கும் இடம், தவறின் விளைவு தேங்கி நிற்கும் இடம். தவறு நடந்த இடம் அதற்கு மேலே இருக்கும்.

இப்போது வலப்பக்க எண்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். 8, 16, 8, 16, பிறகு 24, பிறகு 8, 16, 8. இந்த ஷிஃப்ட்டில் இருப்பவர் எட்டு மணி நேரம் உள்ளே, பதினாறு மணி நேரம் வெளியே. அந்தத் தாளம் உடையும் இடம் ஒன்றே ஒன்று. 24 என்பது எட்டும் பதினாறும் ஒட்டிக்கொண்டது. அதாவது நடுவில் ஒரு பஞ்ச் விழாமல் போயிருக்கிறது. உடைந்த இடத்துக்குப் பிறகு தாளம் மீண்டும் 8-இல் தொடங்குவதால், வியாழன் 21:55 உள்ளே வந்த பஞ்ச் என்பதும், தொலைந்தது வியாழன் காலை அவுட் என்பதும் உறுதியாகின்றன. இன், அவுட் என்று மென்பொருள் ஒட்டிய பெயர்களை நம்பாமலே இதைக் கண்டுபிடித்துவிட முடிகிறது.

உங்கள் திரையில் இந்த இடைவெளி தெரியாவிட்டால் பதிவை விரிதாளில் இறக்கிக்கொள்ளுங்கள். A நெடுவரிசையில் ஊழியர் எண், B நெடுவரிசையில் தேதியும் நேரமும் சேர்ந்து ஒரே மதிப்பாக இருக்கட்டும். முதலில் ஊழியர் எண், பிறகு நேரம் என்று வரிசைப்படுத்துங்கள். முதல் வரி தலைப்பு என்றால், C3-இல் இதை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=IF(A3=A2,ROUND((B3-B2)*24,2),"")
```

தேதி இல்லாமல் நேரம் மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு நள்ளிரவில் உடைந்துவிடும். விடை எதிர்மறையாக வரும். அதைத் தவிர்க்கச் சிலர் `MOD` போட்டு எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால் 24 மணிக்கு மேற்பட்ட எந்த இடைவெளியும் 24 கழிந்துபோய்ச் சாதுவான எண்ணாகத் தெரியும். 32 மணி நேரம் 8 என்று வரும். நாம் தேடுகிற தவறையே அது மூடிவிடுகிறது. அதனால் தேதியும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 8.13 என்பது 8 மணி 13 நிமிடம் அல்ல, 8 மணி 8 நிமிடம். தசமக் கணக்கையும் மணி நிமிடக் கணக்கையும் குழப்பிக் கையால் எழுதப்படும் டைம்ஷீட்டுகள் நிறைய வருகின்றன. ஏழரை மணி நேரத்தை 7.30 என்று தசமக் கட்டத்தில் எழுதினால் அது 7 மணி 18 நிமிடமாகிறது. ஒரு நாளைக்கு 12 நிமிடம், ஐந்து நாளைக்கு ஒரு முழு மணி நேரம் ஊழியரின் கணக்கிலிருந்து போய்விடுகிறது. எந்த எச்சரிக்கையும் வராது.

அடுத்து இரட்டைப் பதிவு. விரல் வைத்தார், ஒலி வரவில்லை, மீண்டும் வைத்தார். இரண்டும் பதிவாகிவிட்டன. இடைவெளி நெடுவரிசையில் இது 0.02, 0.05 என்று பூச்சியத்தை ஒட்டி நிற்கும். தனியாக வந்தால் கண்டுபிடிப்பது எளிது. விட்டுப்போன பஞ்ச்சோடு சேர்ந்து வரும்போதுதான் சிக்கல். மேலே பார்த்த அதே வாரத்தில் வியாழன் இரவு 21:55-க்கும் 21:56-க்கும் இரண்டு முறை விழுந்திருந்தால் மொத்தம் பத்து பஞ்ச். இரட்டைப்படை எண் என்பதால் எல்லாம் ஜோடி சேர்ந்துவிடும். ‘பஞ்ச் இல்லை’ என்ற எச்சரிக்கை எங்கும் வராது. 21:55 புதன் இரவின் அவுட் ஆகிவிடும், 21:56 வியாழன் இரவின் இன் ஆகிவிடும். கூடுதல் பஞ்ச் ஒன்று, காணாமல்போன பஞ்ச்சின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. மொத்தம் 56 மணி 23 நிமிடம். ஆகவே பஞ்ச்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் தவறு இருப்பது நிச்சயம். இரட்டைப்படையாக இருந்தால் எதுவும் நிச்சயமில்லை.

இதனால் நாங்கள் கேட்டுக்கொள்ளும் வரிசை இது: முதலில் இரட்டைப் பதிவை நீக்குங்கள், பிறகு விட்டுப்போனதைத் தேடுங்கள், மணிக்கணக்கைக் கடைசியில் பாருங்கள். வரிசையை மாற்றி, முதலில் 23 மணி 58 நிமிடத்தைப் பார்த்து அதை எட்டாக வெட்டினால், அந்த வாரத்துக்கு மொத்தம் ஏறக்குறையச் சரியாகத் தெரியும். ஆனால் வியாழன் காலை அவர் உண்மையில் எப்போது போனார் என்ற கேள்வியை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு பஞ்ச் வந்தால் ஒன்றைத் தள்ளிவிடும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு வாசல்களில் இரண்டு கருவிகள் இருந்து, ஒன்றின் கடிகாரம் சில நிமிடம் முன்னால் ஓடினால், ஒரே வருகை 08:56 என்றும் 09:03 என்றும் ஏழு நிமிட இடைவெளியில் இரண்டாகப் பதிவாகும். வடிகட்டிக்கு அது சிக்காது. ஒரே கருவியைத் தொட்ட எல்லோருடைய நேரமும் அதே அளவு தள்ளியிருந்தால் குறை கடிகாரத்தில் என்று தெரிந்துகொள்ளலாம்.

இதைவிடப் பெரிய இரட்டிப்பு உங்கள் கையாலேயே நடக்கிறது. கருவி இணைப்பு இழந்த நாளில், ஊழியரின் சம்பளம் பறிபோய்விடக் கூடாது என்று நல்லெண்ணத்தில் 09:00 முதல் 18:00 வரை கையால் ஒரு வரி சேர்க்கிறீர்கள். இணைப்பு திரும்பியதும் கருவி தன் நினைவில் வைத்திருந்த 08:57, 18:04 பஞ்ச்களை அனுப்பிவிடுகிறது. இப்போது ஒரே நாளுக்கு இரண்டு ஷிஃப்ட், பதினெட்டு மணி நேரம். தொடக்க நேரம் ஒன்றாக இல்லாததால் ‘ஒரே பதிவு இரண்டு முறை’ என்ற சோதனையில் இது அகப்படாது. ஒன்றின் மேல் ஒன்று படிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தொடக்க நேரப்படி வரிசைப்படுத்தி, ஒரு வரியின் தொடக்கம் அதற்கு முந்தைய வரியின் முடிவுக்கு முன்னால் வந்தால் இரண்டும் படிகின்றன. ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்க்க முடியாது; இந்தச் சோதனைக்கு விதிவிலக்கு கிடையாது. படியும் வரிகளில் கருவியின் பதிவை வைத்துக்கொண்டு, கையால் சேர்த்த வரியைக் காரணம் எழுதி ரத்து செய்யுங்கள்.

இனி நடக்க முடியாத மணிக்கணக்கு. ஒரே நாளில் 24 மணிக்கு மேல் வந்தால், எதிர்மறையாக வந்தால், யோசிக்க ஒன்றுமில்லை. கையால் நேரம் எழுதும் இடங்களில், எதிர்பார்த்ததைவிடச் சரியாக 12 மணி நேரம் கூடுதலாகவோ குறைவாகவோ வந்தால் முற்பகல் பிற்பகல் மாறிவிட்டது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். காலை 8 முதல் மாலை 5 வரை என்பதற்குப் பதிலாக விடிகாலை 5 என்று பதிந்தால் ஒன்பது மணி நேரம் இருபத்தொன்றாகும்.

கடினமானது நடுவில் இருப்பவை. முன்பு பார்த்த வெள்ளிக்கிழமை 15 மணி 57 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஆள் வராமல் ஒருவர் இரட்டை ஷிஃப்ட் பார்த்தாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும். பெரிய எண்ணைக் கண்டதும் வெட்டினால், மாற்று ஆள் இல்லாத நாளில் நின்று வேலையைக் காப்பாற்றியவரின் கூலியை வெட்டுகிறோம். வெட்டாமல் விட்டால், தூங்கிய நேரத்துக்குச் சம்பளம் தருகிறோம். அக்கம்பக்கத்து இடைவெளிகளைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். உண்மையில் பதினாறு மணி நேரம் நின்றவருக்கு அடுத்த ஓய்வு எட்டு மணி நேரமாகச் சுருங்கியிருக்கும், அல்லது அடுத்த ஷிஃப்ட்டுக்கே வராமல் நீண்டிருக்கும். ஜோடி புரண்டவருக்கு 8, 16 என்ற தாளம் அப்படியே இருக்கும். இடம் மட்டும் மாறியிருக்கும். அதோடு, புரண்ட ஜோடி அவருடைய ஷிஃப்ட் அட்டவணையின் ஓய்வு நேரத்தை அப்படியே மூடிக்கொண்டு நிற்கும்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. 12 மணி நேர ஷிஃப்ட்டில் உள்ளே பன்னிரண்டு, வெளியே பன்னிரண்டு. ஒரு பஞ்ச் தொலைந்தால் 24 என்று இடைவெளி தெரியும். ஆனால் அதற்குப் பிறகு புரண்ட ஜோடிகளும் பன்னிரண்டாகவே இருப்பதால் மணிக்கணக்கில் எதுவும் உறுத்தாது. பகலில் வேலை பார்த்தவர் இரவில் பார்த்ததாகக் காட்டப்படுவார். இரவுப்படி இருந்தால் அதுவும் ஏறிவிடும். அங்கே ஷிஃப்ட் அட்டவணையோடு ஒப்பிடாமல் ஒப்புதல் தராதீர்கள். அதேபோல் ஓர் இரவின் இரண்டு பஞ்ச்களும் விழவில்லை என்றால் இடைவெளி 40 மணி நேரம் ஆகும்: 16, 8, 16. விடுப்பு எடுத்தாலும் அதே நாற்பதுதான். விடுப்புப் பதிவில் அந்த நாள் இல்லை என்றால் ஊழியரைக் கேளுங்கள். பேசாமல் விட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

மணியைக் குறைத்துக் காட்டும் தவறுகளை இங்கே தனியாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் அவற்றை யாரும் தேடுவதில்லை. உணவுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் பஞ்ச் வைக்கும் இடங்களில், 09:00, 13:00, 18:00 என்று மூன்று மட்டும் விழுந்தால், நான்கு மணி நேரமும் ஒரு தனிப் பஞ்ச்சும் காட்டும். எச்சரிக்கையை நீக்குவதற்காக அந்த 18:00-ஐ அழித்துவிட்டால் அரைநாள் கூலி கரைந்துபோகும். அழிப்பது எப்போதும் சுலபமான வழியாகத் தெரியும். ஐந்து நிமிடத்துக்குள் வந்த இரண்டாவது பஞ்ச் அல்லாத எதையும் ஆதாரமில்லாமல் அழிக்காதீர்கள். உணவு இடைவேளையை மென்பொருள் தானாகவே கழிக்கும் இடத்தில் ஊழியரும் பஞ்ச் வைத்திருந்தால் ஒரே இடைவேளை இரண்டு முறை கழிகிறதா என்பதையும் பாருங்கள்.

தொலைந்த பஞ்ச்சை எந்த நேரம் போட்டு நிரப்புவது? பெரும்பாலும் ஷிஃப்ட் முடியும் நேரத்தைப் போட்டுவிடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அது 06:00. வாரம் 40 மணி 29 நிமிடம் ஆகும்; பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பொறுப்பு ஒப்படைக்கும் பதிவேட்டில் வியாழன் காலை 06:40-க்குக் கையெழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் தாமதமாக வந்ததால் இவர் காத்திருந்தார். அப்போது உண்மையான கணக்கு 41 மணி 9 நிமிடம். அட்டவணை நேரத்தைப் போட்டு நிரப்பியிருந்தால் 40 நிமிடக் கூலி போயிருக்கும். அதுவும் தாமதம் நேர்ந்த நாளில்தான் பஞ்ச் மறப்பதும் அதிகம். அவசரமாகக் கிளம்புவார்கள், அல்லது வேறு வாசல் வழியாகப் போவார்கள். ஆகவே அட்டவணை நேரம் என்பது கடைசிப் புகலிடம். அதற்கு முன் ஒப்படைப்புப் பதிவேடு, கதவு அட்டைப் பதிவு, இயந்திரத்தில் அல்லது கணினியில் கடைசியாக வெளியேறிய நேரம் இவற்றைப் பாருங்கள். ஊழியரிடம் அன்றோ மறுநாளோ கேளுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. அவரும் அட்டவணை நேரத்தைத்தான் சொல்வார். நிரப்பும்போது எந்த ஆதாரத்தில் நிரப்பினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ‘மறந்துவிட்டார்’ என்பது காரணம். ‘ஒப்படைப்புப் பதிவேடு, 06:40’ என்பதுதான் ஆதாரம். திருத்தம் ஊழியரின் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

கருவியைப் பராமரிப்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இரவு ஷிஃப்ட்டுக்கு நாள் எப்போது தொடங்குவதாக அமைத்திருக்கிறார்கள்? நள்ளிரவு என்று இருந்தால், செவ்வாய் 06:04-உம் செவ்வாய் 21:58-உம் ஒரே நாளின் ஜோடியாகி, ஒரு பஞ்ச்கூடத் தவறாத ஊழியருக்கும் வாரம் முழுதும் புரண்டுவிடும். 22:00 முதல் 06:00 வரையிலான ஷிஃப்ட்டுக்கு நாள் பகல் 12:00-க்குத் தொடங்கட்டும். அப்படி இருந்தால் தொலைந்த பஞ்ச்சின் விளைவு அந்த ஓர் இரவோடு நின்றுவிடும்; எச்சரிக்கையும் சனிக்கிழமைக்கு ஓடாமல் சரியான நாளிலேயே விழும். வருகை நேரங்களைக் கால்மணிக்கு முழுமையாக்கும் வசதி இருந்தால், முழுமையாக்குவதற்கு முந்தைய பதிவைத்தான் சரிபாருங்கள். முழுமையாக்கிய பிறகு 08:56, 09:03 இரண்டும் 09:00 ஆகிவிடும். கடிகாரக் குறைக்கான தடயம் அதில் இருக்காது.

ஒப்புதல் தந்த பிறகு தவறு தெரியவந்தால், பழைய டைம்ஷீட்டைத் திறந்து மாற்ற முயலாதீர்கள். தேதி, தவறாக இருந்த நேரம், சரியான நேரம், ஆதாரம் நான்கையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த பட்டியலில் தனி வரியாக அதைச் சரிசெய்வோம். கூடுதலாகப் போய்விட்ட தொகையாக இருந்தால், பிடிப்பதற்கு முன்பே ஊழியரிடம் நீங்கள் பேசிவிடுங்கள். சம்பளச் சீட்டைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவினர்